"ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பீர்கள்?" - ஒசூர் நேர்காணல்களில் பட்ட பாடு

வாகன உதிரிபாகத் தொழிற்சாலையின் தரப் பிரிவில் சில வருடங்கள் வேலை பார்த்தவர்களுக்கு, வேறு நிறுவனத்தில் நடக்கும் தொழில்நுட்பச் சுற்று பெரிய தொல்லையாக இருக்காது. வரைபடத்தைக் கொடுத்து எந்த அளவை எந்தக் கருவியால் அளப்பாய் என்பார்கள், வாடிக்கையாளர் புகார் ஒன்றைச் சொல்லி எங்கிருந்து தொடங்குவாய் என்பார்கள். அன்றாடம் செய்கிற வேலைதான் என்பதால் வாய் தானாகவே பேசிவிடும். கோவையில் வார்ப்பு உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையிலிருந்து ஒசூருக்கு மாற நான் முயன்றபோது என்னைத் திருப்பி அனுப்பியதெல்லாம் அதற்குப் பின்பு, ஏசி அறையில், பெரும்பாலும் கடைசிப் பத்து நிமிடங்களில் வந்த ஒரே கேள்விதான்.

என் ரெஸ்யூமேயை அனுப்பிவைத்த கன்சல்டன்சிக்காரர் அந்தக் கேள்விக்கு ஒரு வாக்கியத்தைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லியிருந்தார். உங்கள் நிறுவனத்தோடு சேர்ந்து வளர்ந்து, ஐந்து வருடத்தில் பொறுப்பான தலைமை நிலையில் இருக்க விரும்புகிறேன் என்பது அதன் சாரம். "இதைச் சொல்லுங்க மேடம், யாரும் குறை சொல்ல முடியாது" என்று உறுதியும் கொடுத்தார். முதல் நிறுவனத்தில் அதை நான் சொல்லி முடித்ததும் ஹெச்.ஆர். அதிகாரி சிரித்தார். காலையிலிருந்து இதே வாக்கியத்தை வரிசையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றும், தலைமை நிலை என்றால் எந்த வேலை என்றும் கேட்டார். குவாலிட்டி மேனேஜர் என்றேன். அந்த யூனிட்டில் அப்படி ஒரு பதவியே இல்லை, இரண்டு யூனிட்டுக்கும் சேர்த்து ஒரே தலைவர்தான், அவருக்கும் ஓய்வுபெற வெகுகாலம் இருக்கிறது என்று அவர் பொறுமையாக விளக்கினார். கன்சல்டன்சிக்காரர் தன்னிடம் வருகிற அத்தனை பேருக்கும் ஒரே வாக்கியத்தைக் கொடுத்து அனுப்புகிறார் என்பது அங்கேதான் தெரிந்தது.

இரண்டாவது இடத்தில் நடந்ததுதான் இன்னும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. வரவேற்பறையில் அட்டையில் செருகிய நான்கு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். தற்போதைய சம்பளம், எதிர்பார்க்கும் சம்பளம், நோட்டீஸ் காலம் என்று வழக்கமான கட்டங்கள்தான். கடைசிப் பக்கத்தில் நீண்டகாலத் திட்டம் என்ற தலைப்பின் கீழே இரண்டு கோடுகள் போட்டிருந்தார்கள். வேலையில் இருந்தபடியே வார இறுதி வகுப்புகளில் எம்.டெக். படிக்க வேண்டும் என்பது என் உண்மையான திட்டம், ஆகவே அதையே எழுதினேன். உள்ளே அந்தப் பக்கத்தை விரித்துவைத்துக்கொண்டு, படிப்பு முடிந்ததும் கிளம்பிவிடுவீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அப்படியானால் எதற்குப் படிக்கிறீர்கள் என்றார்கள். அடுத்தபடியாகத் திருமணம் எப்போது, மாப்பிள்ளை எந்த ஊராக இருப்பார் என்ற திசைக்குப் பேச்சு போய்விட்டது. தொழில்நுட்பச் சுற்றில் நன்றாகச் செய்திருந்தும், நிலைத்து இருப்பாரா என்பதில் சந்தேகம் என்று சொல்லித் தட்டிக்கழித்துவிட்டதாகப் பின்னர் கன்சல்டன்சி வழியாகச் செய்தி வந்தது. ஒசூர் வரைக்கும் பஸ்ஸில் போய்வந்தது மட்டும்தான் மிச்சம்.

அந்தப் படிவத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அதை வரவேற்பறைச் சடங்கு என்று நினைத்து அவசரமாகக் கிறுக்கிவிடக் கூடாது. ஹெச்.ஆர். ஒரு சுற்றிலும் பிளான்ட் ஹெட் இன்னொரு சுற்றிலும் அதே தாளைப் பார்த்துக்கொண்டுதான் கேட்கிறார்கள், எழுதியதும் பேசியதும் பொருந்துகிறதா என்று ஒப்பிடுகிறார்கள். இரண்டு கோடுகளில் விளக்க முடியாத ஒரு திட்டத்தை அங்கே பாதியாக எழுதுவதைவிட, அந்த நிறுவனத்தில் செய்ய விரும்பும் வேலையை மட்டும் எழுதிவிட்டு மற்றதை நேரில் சொல்வது நல்லது.

இந்தக் கேள்விக்கு ஏன் இத்தனை அழுத்தம் என்பதைப் புரியவைத்தவர், முன்பு எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்து இப்போது வேறிடத்தில் ஆள் எடுக்கும் நிலையில் இருக்கும் ஓர் அண்ணன். புதிய உதிரிபாகம் ஒன்று வரைபடமாக வந்து சேர்ந்ததிலிருந்து தொடர் உற்பத்திக்குப் போகும்வரை ஒன்றரை, இரண்டு வருடம் இழுப்பது சாதாரணம். அதற்குள் மாதிரிகளையும் அளவீட்டு அறிக்கைகளையும் கட்டுப்பாட்டுத் திட்டத்தையும் சேர்த்து வாடிக்கையாளரிடம் பி.பி.ஏ.பி. எனப்படும் ஒப்புதல் வாங்க வேண்டும். அந்தக் கோப்பில் மொத்தம் 18 வகை ஆவணங்களுக்கு இடம் உண்டு. கோப்பைத் தயாரித்தவர் நடுவில் போய்விட்டால், அளவு ஏன் தளர்த்தப்பட்டது, எந்த விலகலுக்கு வாடிக்கையாளர் வாய்மொழியாகச் சம்மதித்தார் என்பதெல்லாம் அவரோடே போய்விடும். "நீ அஞ்சு வருஷம் இருப்பியான்னு யாரும் கேக்கலம்மா, கையில எடுத்த பார்ட்டை முடிச்சுக் குடுத்துட்டுப் போவியான்னுதான் கேக்கறாங்க" என்றார் அவர். விசுவாசத்தை வார்த்தையால் நிரூபிக்க முயல்வதை நான் விட்டது அந்தப் பேச்சுக்குப் பின்புதான்.

மூன்றாவது நேர்காணலுக்கு முன்பு விளம்பரத்தை வரிவரியாகப் படித்தேன். சப்ளையர்களின் தரத்தைக் கவனிக்கும் அனுபவம் இருந்தால் நல்லது என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த நிறுவனத்தின் தரப் பிரிவில் இருப்பவர்களின் லிங்க்ட்இன் பக்கங்களைப் பார்த்ததில், இன்ஜினியராகச் சேர்ந்தவர்கள் பொதுவாக மூன்று வருடத்துக்குப் பின்பே சீனியர் இன்ஜினியர் ஆகியிருந்தார்கள் என்பதும், அவர்களில் சிலர் சப்ளையர் தரத்துக்கு மாறியிருந்தார்கள் என்பதும் தெரிந்தது. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஐந்து வருடத்தில் மேனேஜர் என்று சொல்கிறவர், அந்த நிறுவனத்தின் ஏணியைப் பார்க்காமலே படி எண்ணுகிறார்.

ஆகவே பதவிப் பெயரையே சொல்லாமல், வேலையை மட்டும் காலவரிசையில் சொல்வது என்று முடிவு செய்தேன். பிளான்ட் ஹெட் அந்தக் கேள்வியைக் கேட்டபோது நான் சொன்ன பதில் ஏறத்தாழ இது: "முதல் வருடம் உங்கள் மெஷினிங் லைனையும் அதில் அடிக்கடி வரும் குறைகளையும் முழுமையாகத் தெரிந்துகொள்ள வேண்டும் சார். இதுவரை நான் ஒப்புதல் கோப்புகளுக்கு உதவி மட்டும்தான் செய்திருக்கிறேன். ஆகவே இரண்டாவது, மூன்றாவது வருடத்துக்குள் ஒரு புதிய பார்ட்டை மாதிரி நிலையிலிருந்து வாடிக்கையாளர் ஒப்புதல்வரை நானே கொண்டுபோக வேண்டும். அதே காலத்தில் ஐ.ஏ.டி.எஃப். 16949 வாகனத் துறைத் தரநிலைக்கான உள்தணிக்கையாளர் தகுதியையும் பெற விரும்புகிறேன். ஐந்தாவது வருடத்தில் உங்களுக்கு வார்ப்பு அனுப்பும் சப்ளையர்களில் சிலரின் தரத்துக்கு நான் பொறுப்பாக இருக்க வேண்டும். வார்ப்பாலையில் வேலை பார்த்தவள் என்பதால் நுண்துளை, மணல் ஒட்டல் போன்ற குறைகள் அங்கே எந்தக் கட்டத்தில் உண்டாகின்றன என்பது எனக்குத் தெரியும். உங்கள் விளம்பரத்திலும் அந்தத் தேவை இருந்தது."

இதில் இங்கேயே இருப்பேன் என்ற சத்தியம் எங்கும் இல்லை என்பதைக் கவனிக்கலாம். ஆனால் அந்த இடத்தில் வேலை செய்தால்தான் நிறைவேறக்கூடிய திட்டம் அது. இதே பதிலைப் பக்கத்து நிறுவனத்தில் அப்படியே ஒப்பிக்க முடியாது, வெளியிலிருந்து வார்ப்பு வாங்காத இடத்தில் கடைசிப் பகுதிக்கு அர்த்தமே இருக்காது. பதில் தெளிவாக இருக்கிறதா என்று சோதிக்க, நிறுவனத்தின் பெயரை மாற்றிச் சொல்லிப் பார்ப்பது எனக்கு உதவிய ஒரே வழி. மாற்றியும் பொருந்தினால் அது கன்சல்டன்சிக்காரரின் வாக்கியம்தான்.

பிளான்ட் ஹெட் அதோடு விடவில்லை. "மேனேஜர் ஆகணும்னு ஆசை இல்லையாம்மா?" என்றார். இருக்கிறது, ஆனால் அது எப்போது காலியாகும் என்பது என் கையில் இல்லை, அதற்கான வேலை தெரிந்திருப்பதுதான் என் கையில் இருக்கிறது என்றேன். படிப்பைப் பற்றி இம்முறை அவர் கேட்பதற்கு முன்பே நானே எடுத்தேன். முதல் வருடம் சேரப்போவதில்லை, வகுப்புகள் வார இறுதியில்தான், சேர்க்கைக்கே நிறுவனத்தின் ஒப்புதல் கடிதம் கேட்கிறார்கள் என்பதால் உங்களுக்குத் தெரியாமல் சேரவும் முடியாது, செயல்திட்டத்தை உங்கள் லைனில் உள்ள ஒரு சிக்கலை வைத்தே செய்யலாம் என்று விவரமாகச் சொன்னேன். முந்தைய இடத்தில் வேலையைக் கெடுத்த அதே எம்.டெக்., இங்கே எந்தச் சிக்கலை எடுப்பது என்ற பேச்சாக மாறியது.

திருமணக் கேள்வி ஹெச்.ஆர். சுற்றில் வந்தது, வராமல் இருக்குமா? அதைக் கேட்பது முறையல்ல என்பதே என் எண்ணம், ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து வாதாடுவதால் வேலை கிடைத்துவிடாது. தங்கும் ஏற்பாட்டையும் நோட்டீஸ் காலத்தையும் பற்றி மட்டும் பதில் சொன்னேன். ஒசூரில் விடுதி பார்த்துவிட்டேன், ஷிப்டு மாற்றத்தில் சிரமம் இல்லை, விலக நேர்ந்தால் கையிலிருக்கும் பார்ட்டின் கோப்புகளை ஒப்படைக்காமல் போகமாட்டேன் என்றேன். இரண்டாம் முறை கேட்கவில்லை.

வேலை கிடைத்தது, ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. சம்பளம் பேசும் நாளில் மூன்று வருட ஒப்பந்தப் பத்திரம் ஒன்றை நீட்டி, இடையில் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்றார்கள். "நீங்களேதான் அஞ்சு வருஷத் திட்டம் சொன்னீங்க, மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடறதுல என்ன தயக்கம்?" என்று ஹெச்.ஆர். அதிகாரி மடக்கினார். சொன்னது என் விருப்பம், பத்திரம் கடன், இரண்டும் ஒன்றல்ல மேடம் என்று சொல்லிவிட்டு, என்ன பயிற்சி, எங்கே, எவ்வளவு செலவு என்பதைப் பத்திரத்தில் எழுதித் தரும்படி கேட்டேன். எழுதும்போதுதான் உள்தணிக்கையாளர் பயிற்சியைத் தவிர வேறு எதுவும் அதில் இல்லை என்பது அவர்களுக்கே தெரிந்தது. அந்தப் பயிற்சிக்கான கட்டணம் மட்டும், அது முடிந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்கு என்று திருத்தித் தந்தார்கள். கையெழுத்துப் போடும் முன்பு நகல் வாங்கி வைத்துக்கொண்டேன். மற்றவர்களும் அதை வாங்காமல் எழுந்து வரவேண்டாம், பின்னால் கேட்டால் தருவதில்லை.