நிற்க விடாத கால்கள்

மனநல விடுதிக்கு இரவுக் கடமைக்காகப் புதிதாக வரும் தாதியிடம் நான் முதலில் பேசுவது டார்ச்சைப் பற்றித்தான். மணிக்கொரு தடவை கட்டில் கட்டிலாகப் போய், நித்திரையா விழிப்பா என்று பார்த்துக் குறிக்க வேண்டும். வெளிச்சம் தரையில் விழ வேண்டும், முகத்தில் விழக் கூடாது. சுற்றிவளைப்புக் காலத்தில் வளர்ந்தவர்கள் நிறைந்த ஊர் யாழ்ப்பாணம். முகத்தில் வெளிச்சம் பட்டதும் எழுந்து அடையாள அட்டையைத் தேடுகிற நோயாளிகளைக் கண்டிருக்கிறேன். போர் முடிந்தது 2009இல்தான் என்றாலும், அரை நித்திரையில் இருப்பவருக்கு அந்தக் கணக்கு உடனே பிடிபடாது.

வடமராட்சிப் பக்கத்து அம்மா ஒருவர் மார்கழி மாதத்தில் எங்கள் விடுதிக்கு வந்திருந்தார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வேலிக்கு வெளியே ஆட்கள் நின்று தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள், தன்னைக் கொண்டுபோகப் போகிறார்கள் என்பதுதான் அவருடைய பயம். இந்தக் குரல்களைக் குறைக்கும் மருந்தான ஹலோபெரிடோல் 5 மில்லிகிராம் காலையும் இரவும் தொடங்கி நான்கு நாட்கள் ஆகியிருந்தன. முந்தைய நாள் இரவுக் குறிப்பில், “நித்திரை இல்லை, நடந்து திரிந்தார், கட்டிலில் இருக்க மறுத்தார், ஊசி போடப்பட்டது” என்று இருந்தது. அந்த ஊசியும் ஹலோபெரிடோல்தான். தேவைப்பட்டால் மறுபடியும் போடலாம் என்ற உத்தரவும் அவருடைய சிகிச்சைக் குறிப்பேடான டிக்கெட்டில் இருந்தது.

நள்ளிரவுச் சுற்றில் அவரைக் கட்டிலில் காணவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையே நடந்துகொண்டிருந்தார். “பயமாக இருக்கிறது பிள்ளை, வந்துவிட்டார்கள்” என்றார். வெளியே நாய்கள் குரைத்தன. இந்த ஊரில் நாய் குரைத்தால் தெருவில் யாரோ வருகிறார்கள் என்று அந்தக் காலத்தில் எல்லோருமே காதைத் தீட்டினோம். எனவே அதை நோயின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. “நாய் குரைப்பது எனக்கும் கேட்கிறது அம்மா. ஆட்கள் பேசுவது எனக்குக் கேட்கவில்லை. உங்களுக்குக் கேட்கிறதென்றால் பயமாகத்தான் இருக்கும். நான் விடியும்வரை இங்கேதான் நிற்பேன்” என்றேன். குரல்கள் பொய்யென்று வாதாடினால் நம்மையும் எதிரியின் பக்கம் சேர்த்துவிடுவார்கள். கேட்கிறது என்று ஒத்துக்கொண்டால் பயம் இரட்டிப்பாகும். கேட்பதைக் கேட்கிறதென்றும் கேட்காததைக் கேட்கவில்லையென்றும் சொல்லிவிட்டு அருகிலேயே இருப்பதுதான் எங்களால் முடிந்தது.

அருகில் இருக்கலாம் என்று கதிரையை இழுத்துப் போட்டேன். அவரால் இருக்க முடியவில்லை. இருந்தார், முழங்காலை மேலே போட்டார், இறக்கினார், குதிகாலால் தரையைத் தட்டினார், எழுந்துவிட்டார். நின்றபோதும் நிற்கவில்லை, ஒரே இடத்தில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். மிகவும் பயந்தவர்கள் பெரும்பாலும் ஒரு மூலையைத் தேடி ஒடுங்குவார்கள், கதவைப் பார்த்தபடி உறைந்து நிற்பார்கள். இவருடைய கண் கதவில் இல்லை, தன் கால்களில் இருந்தது.

“பயத்தில் நடக்கிறீர்களா, நடக்காமல் இருக்க முடியவில்லையா?” என்று கேட்டேன்.

சிறிது நேரம் யோசித்தார். “படுக்கத்தான் ஆசை. அவர்கள் காலுக்குள் இறங்கிவிட்டார்கள். நிற்க விடுகிறார்களில்லை. நடந்தால் கொஞ்சம் சுகம்.”

இதை அப்படியே டிக்கெட்டில் எழுதினால் வாசிக்கிறவர் நோய் முற்றியதென்று நினைப்பார். காலுக்குள் ஆட்கள் இறங்கியது அவருடைய விளக்கம்தான். விளக்கத்தை எடுத்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது அகத்தீசியா. ஹலோபெரிடோல் போன்ற மருந்துகளைத் தொடங்கிய அல்லது அளவைக் கூட்டிய சில நாட்களுக்குள் வரும் பக்க விளைவு. உள்ளே ஓர் அந்தரம், அசைந்தால்தான் ஆறும், அசையாமல் இருந்தால் தாங்க முடியாது. ஏற்கெனவே யாரோ தன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்று நம்புகிறவர் இந்தப் புதிய வேதனையையும் அவர்கள் தலையிலேயே கட்டிவிடுவார். வேறென்ன செய்வார்? தாங்க முடியாமல் தங்களுக்கே தீங்கு செய்துகொள்கிறவர்களும் உண்டு. ஆகவே இது வெறும் தொந்தரவு என்று விட்டுவிடக் கூடாது.

முந்தைய நாள் ஊசி ஏன் பலன் தரவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெளிந்தது. நடந்து திரிவது நோயினால் என்று எண்ணி, நடக்க வைக்கும் மருந்தையே மேலும் கொடுத்திருக்கிறோம். அன்றிரவும் போட்டிருந்தால் சற்று மயங்கியிருப்பார், மறுநாள் இன்னும் வேகமாக நடந்திருப்பார்.

கடமை வைத்தியரை அழைப்பதற்கு முன் பார்க்க வேண்டியவற்றைப் பார்த்தேன். இரண்டு நிமிடம் இருக்கச் சொல்லி, இரண்டு நிமிடம் நிற்கச் சொல்லி, கதை கொடுத்தபடியே கால்களைக் கவனித்தேன். காய்ச்சல் இல்லை. முழங்கையை மடக்கி நீட்டினேன், விறைப்பு இல்லை. காய்ச்சலும் விறைப்பும் சேர்ந்து இருந்தால் கதை வேறு. அது உயிருக்கே ஆபத்தான நிலையாக இருக்கலாம், ஒரு நிமிடமும் தாமதிக்க முடியாது. நாடித் துடிப்பு 104.

தொலைபேசியில், “ஊசியை நிறுத்தி வைத்திருக்கிறேன் டொக்டர், இது அகத்தீசியா போலத் தெரிகிறது” என்று சொல்லிக் கண்டதைச் சொன்னேன். நல்ல பிள்ளை, உடனே புரிந்துகொண்டார். புரோப்ரனோலோல் கொடுக்கலாமா என்று கேட்டார். இதற்கு வழக்கமாகக் கொடுப்பது அதுதான். ஆனால் அனுமதிக் குறிப்பில் ‘மழைக்காலத்தில் முட்டு’ என்று மகள் சொன்னதாக ஒரு வரி இருந்தது. முட்டு என்று இங்கே சொல்வது ஆஸ்துமாவை. ஆஸ்துமா உள்ளவருக்கு அந்த மருந்து மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். வைத்தியர் நேரில் வந்து நெஞ்சைச் சோதித்தார். டயசிபாம் 5 மில்லிகிராம் மாத்திரை எழுதினார். காலை ஹலோபெரிடோலை நிபுணர் பார்க்கும்வரை நிறுத்தி வைக்கச் சொன்னார்.

மாத்திரை வேலை செய்ய அரை மணியோ ஒரு மணியோ ஆகும். அந்த நேரத்தில் ஒருவரைக் கட்டிலில் படுக்க வற்புறுத்துவது போன்ற கொடுமை வேறில்லை. சேர்ந்து நடந்தோம். சிற்றூழியர் அக்கா மற்றவர்களைப் பார்த்துக்கொண்டார், எனக்குக் கண் இரண்டு பக்கமும். அம்மா தேநீர் கேட்டார், அந்த நேரத்தில் தேநீர் கூடாதென்று மல்லித் தண்ணீர் கொடுத்தேன். நடக்கும்போதே, “இது மருந்தினால் வந்தது அம்மா. யாரும் காலுக்குள் இறங்கவில்லை. மருந்தை மாற்றினால் போய்விடும்” என்று சொன்னேன். நம்பினாரா தெரியாது. “அப்படியென்றால் மருந்தை ஏன் தந்தீர்கள்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. குரல்களைக் குறைப்பதற்கு என்றேன். “குரல் கொஞ்சம் குறைந்ததுதான்” என்று ஒத்துக்கொண்டார்.

இரண்டு மணிக்குப் பிறகு கட்டிலில் இருந்தார், பிறகு படுத்தார். நான்கு மணியளவில் தெருவில் சங்கும் சேமக்கலமும் கேட்டன. கண்ணைத் திறந்து, “உங்களுக்கும் கேட்கிறதா பிள்ளை?” என்றார். “கேட்கிறது அம்மா. திருவெம்பாவைக்காரர்” என்றேன். சரி என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

காலையில் பொறுப்பை ஒப்படைக்கும்போது ‘நித்திரை குறைவு’ என்று மட்டும் சொல்லவில்லை. கால்களைப் பற்றியும் முட்டு வருவதைப் பற்றியும் வாயாலும் சொன்னேன், எழுத்திலும் வைத்தேன். நிபுணர் ஹலோபெரிடோலை நிறுத்தி வேறு மருந்துக்கு மாற்றினார். சில நாட்களில் கால்கள் அடங்கின. குரல்கள் போக வாரங்கள் எடுத்தன.

வீட்டுக்குப் போகும் நாளில் கணவரிடம், நடை மறுபடி தொடங்கினால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் உடனே கிளினிக்குக்குக் கூட்டி வாருங்கள் என்றேன். “அவள் எந்தக் காலத்தில் ஓரிடத்தில் இருந்தாள் மிஸ்ஸி? அடுப்படிக்கும் ஆட்டுக் கொட்டிலுக்கும் ஓடிக்கொண்டேதான் இருப்பாள். நான் எப்படி வித்தியாசம் பிடிப்பது?” என்றார்.

“சாப்பிடும்போது பாருங்கள் ஐயா. ஒரு கோப்பைச் சோற்றை இருந்து முடிக்க முடியாமல் இரண்டு மூன்று தடவை எழும்பினால் கூட்டி வாருங்கள்.”

“அதற்கு முதலில் அவள் எங்களோடு இருந்து சாப்பிட வேண்டுமே” என்றார் அவர். அம்மா பையைத் தூக்கிக்கொண்டு, “இனி இருந்து சாப்பிடுகிறேன், நீங்கள் பரிமாறுங்கள்” என்றார்.