நெகிழ்வு வேலைநேரத்துக்கு ஒரு முன்மொழிவு: எழுதும்போதே வைத்த நாட்குறிப்பு

பிப்ரவரி 3, திங்கள்

கையில் இருப்பது 8 பேர் கொண்ட வாடிக்கையாளர் சேவை டீம். இப்போது எல்லோருக்கும் காலை 9 முதல் மாலை 6 வரை வேலை. சில வாரச் சோதனையாகக் கேட்கப்போவது இதுதான்: காலை 8 முதல் 10.30-க்குள் யாரும் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம், 11 முதல் 4 வரை எல்லோரும் இருக்க வேண்டும், நாளின் மொத்த மணிநேரம் மாறாது.

முன்மொழிவின் முதல் பக்கத்தை இன்று தொடவில்லை. முதலில் பழைய எண்கள் வேண்டும். சோதனை தொடங்கிய பிறகு "முன்பு எப்படி இருந்தது" என்று தேடப் போனால், ஆளாளுக்கு ஒரு ஞாபகம் சொல்வார்கள். அதனால் கடந்த 8 வார டிக்கெட் பதிவுகளை, அதாவது வாடிக்கையாளர்கள் அனுப்பிய கோரிக்கைகளின் பதிவுகளை, எடுத்தாயிற்று. புதிதாக எதையும் அளக்க வேண்டியதில்லை. மென்பொருள் ஏற்கெனவே பதிவு செய்வதையே அளவுகோலாக வைத்தால், யாரோ கூட்டிக் குறைத்து எழுதினார்கள் என்ற சந்தேகத்துக்கு இடம் குறையும்.

பிப்ரவரி 5, புதன்

முதல் பதில் போக எத்தனை நிமிடம் ஆகிறது என்பதுதான் முக்கிய அளவுகோல். சராசரி எடுக்கவில்லை. இரவில் வந்து காலை வரை காத்திருந்த சில டிக்கெட்டுகளே சராசரியை எங்கோ கொண்டுபோய்விடும். ஒரு வாரத்துப் பதில்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, நடுவில் நிற்கும் எண்ணை எடுத்தோம். 8 வாரங்களுக்கும் வந்தது: 42, 38, 45, 40, 51, 39, 44, 41.

இந்த வரிசையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். எதையும் மாற்றாமலே 38-க்கும் 51-க்கும் இடையில் ஆடுகிறது. "40 நிமிடத்தைத் தாண்டக்கூடாது" என்று ஆர்வத்தில் எழுதிக் கொடுத்திருந்தால், இன்றைய வேலைநேரமே 8 வாரத்தில் 5 வாரம் தோற்றிருக்கும். அந்த 51 வந்த வாரத்தில் சர்வர் அரை நாள் படுத்திருந்தது. அதை நீக்காமல், காரணத்தைப் பக்கத்தில் குறித்து வைத்தோம். சாதகமில்லாத எண்ணை மறைத்தது ஒருமுறை தெரிந்தால், மீதி எண்களையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

எல்லை இப்படி அமைந்தது: நடு எண் தொடர்ந்து 2 வாரம் 55-ஐத் தாண்டினால் சோதனை நிற்கும். ஒரே வாரம் தாண்டினால் காரணம் எழுதித் தர வேண்டும், அவ்வளவுதான்.

பிப்ரவரி 6, வியாழன்

இரண்டாவது அளவுகோல், மூடிய டிக்கெட்டுகளில் 7 நாளுக்குள் மறுபடி திறக்கப்பட்டவை எத்தனை சதவீதம் என்பது. வேகத்தை மட்டும் அளந்தால், "பார்த்துச் சொல்கிறோம்" என்று ஒரு வரி அனுப்பிவிட்டு டிக்கெட்டை மூடும் பழக்கம் வந்துவிடும். இந்த எண் உடனே அதைக் காட்டிக் கொடுக்கும்.

மூன்றாவதாக ஊழியர் திருப்தியைச் சேர்க்கலாமா என்று யோசித்தோம். கேட்கலாம், ஆனால் முடிவு அதன் மேல் நிற்கக்கூடாது. சலுகை கிடைத்த முதல் மாதத்தில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

பிப்ரவரி 10, திங்கள்

மேலதிகாரி முதலில் கேட்கப்போகும் கேள்வி: "9 மணிக்கு போன் அடித்தால் யார் எடுப்பார்கள்?" 8 பேரும் 10.30-ஐத் தேர்ந்தெடுத்தால் யாருமே இருக்க மாட்டார்கள். இந்த வகை முன்மொழிவு சரிவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். "பேசி வைத்துக்கொள்வோம்" என்பது பதிலாகாது.

எழுதியது: தினமும் 9 மணிக்குக் குறைந்தது 3 பேர், மாலை 5 முதல் 6 வரை குறைந்தது 3 பேர். 2 பேர் போதும்தான், ஒருவர் விடுப்பு எடுத்தாலும் 2 பேர் மிஞ்ச வேண்டும் என்பதற்காக 3. அடுத்த வாரப் பட்டியல் வியாழன் மதியத்துக்குள் நிரம்ப வேண்டும். காலை இடம் காலியாக இருந்தால் சுழற்சி முறையில் ஒருவருக்குப் போகும். இல்லாவிட்டால் வீட்டுப் பொறுப்பு இல்லாதவர் தலையிலேயே தினமும் விழும், மனக்கசப்பு அங்கிருந்துதான் கிளம்பும்.

பிப்ரவரி 12, புதன்

காலம் 12 வாரம். முதல் 2 வாரத்தின் எண்களும் பதிவாகும், ஆனால் தீர்ப்பில் சேராது. பட்டியல் போடும் பழக்கம் வரவே அவ்வளவு நாள் ஆகும். 4 வாரம் மட்டும் கேட்டால், பழக்க நாள் போக 2 வாரம்தான் மிஞ்சும். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. தவிர, கவனிக்கப்படுகிறோம் என்று தெரிந்தால் எல்லோரும் தொடக்கத்தில் கூடுதலாக உழைப்பார்கள். அந்த வேகம் அடங்கிய பின் வரும் எண்தான் உண்மைக்கு நெருக்கம். ஆண்டுக் கணக்கு முடிக்கும் மாதமும் நீண்ட விடுமுறையும் சோதனைக்குள் வராதபடி தேதி வைத்தோம்.

பிப்ரவரி 14, வெள்ளி

செலவு மிச்சமாகும் என்ற பத்தியை எடுத்துவிட்டோம். அதற்கு எண் இல்லை. ஒரு வரி ஆதாரமில்லாமல் நின்றாலும் கூட்டம் முழுக்க அதைப் பற்றியே போகும்.

மொத்தம் 2 பக்கம். கடைசிப் பத்தி இது: "12-ஆவது வாரம் முடிந்த 5 வேலைநாளுக்குள் எண்களை டீம் தலைவர் சமர்ப்பிப்பார். அடுத்த 10 வேலைநாளுக்குள் துறை மேலாளர், தொடரலாம், மாற்றித் தொடரலாம், நிறுத்தலாம் என்ற மூன்றில் ஒன்றை எழுத்தில் தருவார். அதுவரை சோதனை நேரமே நடைமுறையில் இருக்கும். நிறுத்துவதானால் பழைய நேரத்துக்குத் திரும்ப 2 வார அவகாசம் உண்டு."

மேலாளர் பெயருக்கு எதிரே தேதிக் கட்டம் ஒன்று காலியாக விட்டிருக்கிறது. கூட்டத்திலேயே அதை நிரப்பச் சொல்லிக் கேட்க வேண்டும்.