வீடு கொடுத்தவர்

காலையிலிருந்து ஒரே ஜெர்மன் சொல்லைத் தமிழாக்க மல்லுக்கட்டு: வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங்.

ஜெர்மனியில் ஒரு வீட்டுக்குக் குடிபோன 2 வாரத்துக்குள் முகவரியைப் பதிய, கையோடு கொண்டுபோக வேண்டிய தாள்.

வோனுங் வீடு, கேபர் கொடுப்பவர், பெஷ்டேட்டிகுங் உறுதிப்படுத்தல். நடுவில் வரும் 'ஸ்' வெறும் ஒட்டு, நம் சாரியை மாதிரி. தமிழிலும் முதன்மைப் பொருள் தரும் சொல் கடைசியில்தான் என்பதால் வரிசை அப்படியே பொருந்தியது.

சரி என்று 'வீட்டு உரிமையாளர் சான்று' என எழுதிவிட்டேன்.

அங்கேதான் சறுக்கல். உள்வாடகைக்கு இருப்பவருக்கு, அறையை வாடகைக்கு விட்ட முதன்மை வாடகைதாரரே கையெழுத்துப் போடலாம். என் தமிழைப் படித்தவர் வீணாக உரிமையாளரைத் தேடி அலைவார்.

கடைசியில் 'குடியமர்த்தியவர் உறுதிச்சான்று' என்று மாற்றினேன். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அந்த ஜெர்மன் சொல்லும் இருக்கட்டும். அலுவலகத்தில் அதைத்தானே கேட்பார்கள்!