ஆறரை மணிப் படமும் எட்டே முக்கால் பில்லும்

2024 மே 12, ஞாயிற்றுக்கிழமை. வியாழக்கிழமை நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். கடலூரிலிருந்து பஸ் ஏறிப் புதுச்சேரியில் ஒரு அழகு நிலையத்துக்குப் போனேன். திரெடிங், ப்ளீச், ஃபேஷியல் மூன்றும் சேர்த்து 3,500 ரூபாய். பணத்தை ஜிபேயில் அனுப்பினேன். பில் கேட்டதற்கு ஒரு சின்ன அட்டையில் தேதியும் தொகையும் எழுதிக் கொடுத்தார்கள். அதில் கடையின் முத்திரைகூட இல்லை.

அன்று நடந்ததைப் பிறகு தோல் மருத்துவர் விளக்கியபோதுதான் எனக்கே புரிந்தது. முதலில் மேலுதட்டில் நூல் போட்டார்கள். நூல் போட்ட கையோடு அந்த இடம் தோலுரிந்த மாதிரி இருக்கும். அதன் மேலேயே ப்ளீச் பூசினார்கள். பூசிய பெண் இன்னொருவருக்கு முடி வெட்டப் போய்விட்டார். சுவரில் கடிகாரம் இருந்தது, இருபது நிமிடத்துக்கு மேல் ஆனதை நானே பார்த்தேன். எரிகிறது என்று இரண்டு முறை சொன்னேன். "கொஞ்சம் எரியத்தான் செய்யும் மேடம்" என்றார். துடைத்த பிறகு, சிவந்திருந்த அதே முகத்தில் ஸ்க்ரப் தேய்த்து ஆவியும் பிடித்தார்கள்.

பஸ்ஸில் வரும்போதே முகம் தீயாய் எரிந்தது. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தால், மேலுதட்டுக்கு மேல் ஈரமாகப் பளபளக்கும் சிவப்புப் பட்டை, இரண்டு கன்னத்திலும் திட்டுத்திட்டாகச் சிவப்பு. மாலை 6.40 இருக்கும். என் பெண் போனில் நான்கு படம் எடுத்தாள். உடனே அவற்றை அழகு நிலைய உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "ஐஸ் வைங்க மேடம், ரெண்டு நாள்ல சரியாயிடும்." அப்போது அது வெறும் அலட்சியமாகத்தான் தெரிந்தது. ஆனால் அவர்கள் கடையில்தான் செய்துகொண்டேன், அன்றே புகார் சொன்னேன் என்ற இரண்டையும் அந்த ஒரு வரி நிரூபித்தது.

அதற்குப் பிறகு நான் செய்தது தப்பு. எரிச்சல் தாங்காமல் தெருமுனை மருந்துக்கடையில் கேட்டு ஒரு க்ரீம் வாங்கிப் பூசினேன். 240 ரூபாய், மருத்துவர் சீட்டு எதுவும் இல்லை. மறுநாள் மருத்துவரிடம் அந்த ட்யூபைக் காட்டியதும் கோபப்பட்டார். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது, புண்ணான முகத்தில் இதை யாரைக் கேட்டுப் போட்டீர்கள் என்றார்.

முதல் நாள் ஓபி சீட்டில் அவர் "டெர்மடைட்டிஸ்" என்று மட்டும் எழுதியிருந்தார். அதாவது தோல் அழற்சி. எதனால் என்று இல்லை. என் தம்பி ஒரு வக்கீலிடம் வேலை பார்க்கிறான். அவன்தான், "அக்கா, இந்தச் சீட்டு புண் இருக்குன்னுதான் சொல்லுது, அவங்க கடையில வந்துச்சுன்னு சொல்லலையே" என்றான். இரண்டாவது முறை போனபோது மருத்துவரிடம் நடந்ததை முழுதாகச் சொல்லி, அவர் பார்த்ததை எழுதித் தரக் கேட்டேன். எந்த நாள் ப்ளீச் செய்துகொண்டதாக நோயாளி சொல்கிறார், புண் எங்கெங்கே இருக்கிறது, ரசாயனம் பட்ட இடத்தோடு அது பொருந்துகிறது என்று கடிதத் தாளில் எழுதிக் கொடுத்தார். இது ஒவ்வாமை அல்ல, ரசாயன எரிச்சலால் வந்த புண் என்றும் எழுதினார். ஒவ்வாமை என்றால் பெரும்பாலும் ஓரிரு நாள் கழித்து அரிப்போடு வரும், பூசாத இடத்துக்கும் பரவும். எனக்கு உடனே வந்தது, பூசிய எல்லையோடு நின்றது.

புண் ஆறியதும் அந்த இடமெல்லாம் பழுப்பாகக் கறுத்தது. நம் தோலில் இது மறைய மாதக்கணக்கில் ஆகும் என்றார். கல்யாணத்துக்கு நான் போகவில்லை.

ஜூனில் 3,500 ரூபாயையும் மருத்துவச் செலவையும் கேட்டு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பினேன். பதினைந்து நாள் அவகாசம் கொடுத்தேன். அட்டை கையெழுத்தோடு திரும்பியது, பதில் மட்டும் வரவில்லை. ஆகஸ்டில் புகார் கொடுத்தேன், கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே. கடை புதுச்சேரியில் இருக்கிறதே, அங்கேதான் அலைய வேண்டுமோ என்று பயந்திருந்தேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார் கொடுப்பவர் குடியிருக்கும் ஊரிலேயே கொடுக்கலாம். கடைக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணமும் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். வக்கீல் வைக்காமல் நானே எழுதினேன். படங்களையும் வாட்ஸ்அப் பேச்சையும் அச்செடுத்து வைத்தேன். அவை என் போனிலிருந்து எடுத்தவை என்று மின்னணுச் சான்றுக்கான சான்றிதழும் தனியாக இணைத்தேன். போனிலிருந்த மூலப்படங்களை அழிக்கவில்லை.

எதிர்தரப்பு நாற்பது நாள் கழித்துப் பதில் போட்டது. முதல் வாதம், பணம் கடைக்கு வரவில்லை, தனிநபர் கணக்குக்குப் போயிருக்கிறது என்பது. உண்மைதான், ஜிபேயில் உரிமையாளரின் பெயர்தான் இருந்தது. ஆனால் நான் பணம் அனுப்பிய எண்ணும் வாட்ஸ்அப் எண்ணும் கடைப் பெயர்ப்பலகையில் இருந்த எண்ணும் ஒன்றே. பலகையை என் கணவர் ஜூனிலேயே நேரில் போய்ப் படம் எடுத்து வந்திருந்தார். அந்த வாதம் அதோடு நின்றது.

இரண்டாவது வாதம்தான் என்னைக் கலங்கடித்தது. செலவுக் கணக்கில் அந்த 240 ரூபாய் பில்லையும் நானே இணைத்திருந்தேன். மருத்துவர் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு க்ரீம் போட்டிருக்கிறார், முகம் கெட்டது அதனால்தான் என்று எழுதியிருந்தார்கள். அன்று இரவு முழுக்கத் தூங்கவில்லை. காலையில் காகிதங்களை மறுபடி எடுத்துப் பரப்பிப் பார்த்தபோது, பில்லின் மூலையில் பொடி எழுத்தில் நேரம் அச்சாகியிருந்தது: 8.47. என் பெண் எடுத்த படம் 6.40. வாட்ஸ்அப்பில் அனுப்பியது 6.44. க்ரீம் வாங்குவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பே புண் இருந்திருக்கிறது, அதை அவர்களே பார்த்துப் பதிலும் சொல்லியிருக்கிறார்கள். இதை மூன்றே வரியில் எழுதி, பில்லையும் படத்தையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்து என் நிரூபண வாக்குமூலத்தோடு கொடுத்தேன்.

அடுத்த வாய்தாவில் அவர்களே சமரசத்துக்கு வந்தார்கள். முதலில் 3,500 மட்டும் தருகிறோம் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மருத்துவர் கட்டணம் நான்கு முறைக்கு 1,600, சீட்டோடு பொருந்திய மருந்து பில்கள் 3,140, மருத்துவர் எழுதிக்கொடுத்த சன்ஸ்க்ரீன் 1,450, ஆக 6,190 ரூபாய். இதில் ஒரு ரூபாயும் குறைக்க மாட்டேன் என்றேன். 240 ரூபாய் பில்லை நானே நீக்கினேன். பழுப்புக்காக யூடியூப் பார்த்து வாங்கிய சீரத்தைக் கேட்கவே இல்லை, அதற்குச் சீட்டு கிடையாது. மன உளைச்சலுக்கு 30,000 கேட்டிருந்தேன், 8,000-க்கு முடிந்தது. கோபம் இருந்தது. ஆனாலும் இன்னும் எத்தனை வாய்தாவுக்கு வேலையில் லீவு போடுவது என்று யோசித்து ஒப்புக்கொண்டேன்.

2025 பிப்ரவரியில் சமரசத்தைப் பதிவு செய்து ஆணையம் உத்தரவிட்டது. 17,690 ரூபாய்க்கு டிடி கொடுத்தார்கள். வாங்கிக் கையெழுத்துப் போடும்போது உரிமையாளர் என் முகத்தைப் பார்த்து, "இன்னும் போகலையா மேடம்?" என்று கேட்டார். மேலுதட்டில் அந்தப் பட்டை அப்போதும் இருந்தது.