திரைப்பிடிப்பை நம்பி அனுப்பிய கருவாடு

மண்டபத்தில் என் வீட்டு மொட்டை மாடியில் காய வைத்த கருவாட்டை வாட்ஸ்அப் வழியாக வெளியூர்களுக்கு விற்று வருகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அந்த இரண்டு மாதமும் இருப்பு குறைவாகவும் கேட்பவர்கள் அதிகமாகவும் இருப்பார்கள். என்னை முதன்முதலில் ஏமாற்றியவர் வந்ததும் அப்படியொரு மே மாதச் சனிக்கிழமை மாலையில்தான்.

மூன்று கிலோ நெத்திலி, இரண்டு கிலோ சீலா, கூரியர் செலவு எல்லாம் சேர்த்து 4,650 ரூபாய் ஆயிற்று. கூரியர் கடை மூட அரை மணி நேரம் இருந்தபோது, பணம் அனுப்பியதற்கான திரைப்பிடிப்பு வந்தது. பச்சை நிற அடையாளம், தொகை, பன்னிரண்டு இலக்கப் பரிவர்த்தனை எண் என எல்லாமே அதில் இருந்தன. "அக்கா, இன்னைக்கே போட்டுருங்க, வீட்டுல விசேஷம்" என்று அவர் அவசரப்படுத்தியதால் வங்கிக் கணக்கைப் பார்க்காமலே பார்சலை அனுப்பிவிட்டேன். திங்கட்கிழமை கணக்கைப் பார்த்தபோது அந்தத் தொகை வரவே இல்லை. கூரியர் கடைக்கு ஓடினேன். அதற்குள் பார்சல் கைமாறிவிட்டது.

அன்றிரவு அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தவறு தெரிந்தது. பணம் பெறுபவர் பெயர் இருக்கும் இடத்தில் என் கடையின் பெயர் இருந்தது. நான் கொடுத்திருந்த யுபிஐ முகவரியோ என் சொந்தச் சேமிப்புக் கணக்குடன் இணைந்தது. உண்மையிலேயே யாராவது அதற்குப் பணம் அனுப்பினால், வங்கியில் பதிவாகியுள்ள என் பெயர்தான் அவர் திரையில் வரும். கடைப் பெயரை மட்டும் அறிந்த ஒருவர் போலிச் செயலியில் அதையே தட்டச்சு செய்திருக்கிறார். ஆனால் இந்த அடையாளத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது, ஏனெனில் அடுத்து வருபவர் பெயரைச் சரியாகவே போட்டுவிடலாம். அந்தப் பன்னிரண்டு இலக்க எண் என் வங்கிக் கணக்கின் வரவுப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது மட்டுமே முடிவான சோதனை. குறுஞ்செய்தியையும் நான் ஏற்பதில்லை. வங்கி அனுப்பியதைப் போலவே எழுதப்பட்ட ஒரு செய்தி சாதாரணக் கைபேசி எண்ணிலிருந்து எனக்கு வந்திருக்கிறது.

1930 எண்ணில் சொல்லி, cybercrime.gov.in தளத்திலும் புகார் பதிந்தேன். அந்த உதவி எண்ணின் பெரும் பயன், ஏமாற்றப்பட்ட பணம் எந்தக் கணக்கில் இருக்கிறதோ அங்கேயே அதை நிறுத்தி வைப்பது. என் விஷயத்தில் பணம் எங்கும் நகரவில்லை, போனது சரக்கு மட்டுமே என்பதால் நிறுத்தி வைக்க எதுவும் இருக்கவில்லை.

அதன்பின், அறிமுகமில்லாதவர்கள் எனக்குப் பணம் செலுத்த, ஒரு பணப்பரிமாற்ற நிறுவனத்தின் இணைப்பை அவர்களுக்கு அனுப்பத் தொடங்கினேன். பணம் வந்து சேர்ந்ததா என்ற கேள்வி அத்துடன் தீர்ந்தாலும், வந்த பணம் திரும்பிப் போகக்கூடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கடன் அட்டையில் 3,100 ரூபாய் செலுத்திய ஒருவர், பொருள் கிடைத்து மூன்று வாரம் கழித்து, தனக்கு எதுவும் வரவில்லை என்று தன் வங்கியிடம் முறையிட்டார். பணப்பரிமாற்ற நிறுவனம் அந்தத் தொகையை எனக்கு வரவேண்டியதிலிருந்து பிடித்துக்கொண்டு, பதில் தர ஏழு நாள் கொடுத்தது. கோபத்தை எழுதிப் பயனில்லை. முறையீட்டின் காரணம் எதுவோ அதற்கு மட்டுமே சான்று கேட்கிறார்கள். பில், அவர் முகவரி தந்த உரையாடல், கூரியர் ரசீது, பெற்றுக்கொண்டவர் கையெழுத்திட்ட சீட்டு ஆகியவற்றைத் தேதி வரிசையில் ஒரே கோப்பாக்கி அனுப்பினேன். ஆறு வாரத்தில் பணம் திரும்ப வந்தது. அவர் "பொருள் சரியில்லை" என்று சொல்லியிருந்தால் அந்தக் கையெழுத்து எனக்கு உதவியிருக்காது. அதற்காகத்தான் இப்போது தராசின் எண்ணும் முகவரிச் சீட்டும் ஒரே காட்சியில் தெரியும்படி பொதி கட்டுவதைக் காணொளி எடுக்கிறேன். கருவாடு ஈரம் இழந்து எடை குறையும் பொருள் என்பதால், எடை குறைவு என்று சொல்பவர்கள் எல்லோரும் பொய் சொல்வதில்லை. காற்று நீக்கிய பையில் அடைத்து எடை போட்ட பிறகு அந்தப் புகாரே அரிதாகிவிட்டது.

சென்ற தடைக்காலத்தில் ஒரு பெண்மணி, பணம் பிடித்தமாகிவிட்டது என்று திரைப்பிடிப்பு அனுப்பினார். என் கணக்கில் வரவில்லை. தனிநபர் கணக்குக்கு அனுப்பிய யுபிஐ பணம் வரவு வைக்கப்படாமல் போனால், மறுநாளுக்குள் அனுப்பியவருக்கே திருப்ப வேண்டும் என்பது 2019-இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதி. தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடும் உண்டு. இதை அவரிடம் பொறுமையாக விளக்கி, அவர் பெயரை எழுதிய பையைத் தனியே எடுத்து வைத்தேன். மறுநாள் காலை, "பணம் எனக்கே திரும்பி வந்துருச்சு, மறுபடி அனுப்புறேன்" என்று எழுதினார். வரவுப் பட்டியலில் எண்ணைப் பார்த்தேன், மதியக் கூரியரில் பையை அனுப்பினேன்.