நேற்று ராத்திரி ரெண்டரைக்குத்தான் நித்திரை வந்தது

இன்னும் கண் எரியுது. நெல்லு வித்த காசில நகையை மீட்கலாமெண்டு நான் நாள் எண்ணிக்கொண்டிருக்க, இவர் ஒரு சொல்லுச் சொல்லாமல் அதில 80 ஆயிரத்தைத் தம்பிக்குக் குடுத்திட்டார். கேட்டதுக்கு "நீ உழைச்ச காசோ" எண்டார். பிறகு அவர் திரும்பிப் படுத்திட்டார், நான் முகட்டைப் பாத்துக்கொண்டு கிடந்தன்.

முதல் பிழை, இருட்டுக்குள்ள கிடந்து வழக்குப் பேசினது. நான் இப்பிடிச் சொல்லியிருக்கோணும், அதுக்கு அவர் இப்பிடிச் சொல்லுவார், அப்ப நான் இதை எடுத்துவிடுவன் எண்டு. கோவத்தில ஏறின உடம்பு இறங்க எப்பிடியும் இருபது நிமிசமாவது வேணும், ஆனா சண்டையைத் திரும்ப ஓட்ட ஓட்ட உடம்புக்கு அது புதுச் சண்டைதான், நெஞ்சு பிறகும் அடிக்கத் தொடங்கும். அடுத்தது போன். கலியாண வீட்டில நடந்தது வரைக்கும் இழுத்து வட்ஸ்அப்பில நீட்டா ரைப் பண்ணினன். அனுப்பாமல் அழிச்சது கடவுள் புண்ணியம். தலையிடிக்குப் பிளேன்ரீயும் ஊத்திக் குடிச்சன், அதைச் செய்யாதேங்கோ, தேயிலை மணித்தியாலக் கணக்கா உடம்பில நிக்கும்.

மூச்சுப் பயிற்சியிலயும் பிழைவிட்டன். ஆழமா இழுக்கோணுமெண்டு பலமா இழுத்து இழுத்து விட, தலை சுத்தி விரல் விறைச்சுப்போச்சு. அப்பிடி வந்தால் கூட இழுக்கிறியள் எண்டு அர்த்தம். மூக்கால மெல்லமா 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடுங்கோ, விடுறதுதான் நீளமா இருக்கோணும். விறாந்தைக் குந்தில இருந்து அஞ்சு நிமிசம் செய்யத்தான் நெஞ்சு அடங்கினது.

பிறகு மகளின்ர பழைய கொப்பியில ரெண்டே ரெண்டு வரி எழுதினன். "காசு போனது இல்லை, என்னைக் கேக்காததுதான் நோகுது. நாளைக்கு நாலரைக்கு, பிள்ளையள் ரியூசன் போனாப்பிறகு கதைக்கோணும்." நேரத்தோட எழுதினாப்பிறகுதான் மனம் பிடியை விட்டது. இது பேச்சோட நிக்கிற சண்டைக்குத்தான், கைநீட்டுற மனுசன் எண்டால் பெண்களுக்கான உதவி இலக்கம் 1938க்குப் போன் எடுங்கோ.

திரும்பிப் படுத்து இலக்கம் எண்ணினன், சரிவரேல்லை, எண்ணிக்கொண்டே சண்டையும் பிடிக்கலாம். மனக்கண்ணால இடங்களைப் பாக்கிற வேலை குடுத்தால்தான் மனசில சண்டைக்கு இடமில்லாமல் போகும். முதல்ல பரந்தன் முல்லைத்தீவு றோட்டை நினைச்சன், ஐயோ, எங்கட ஆக்களுக்கு அந்த றோட்டு வேற, விசுவமடுவோட விட்டிட்டன். ஏ9இல வவுனியாவில ஏறினன். ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், ஒவ்வொரு இடத்திலயும் இறங்கி ஒரு பொருளை ஆறுதலாப் பாக்கோணும், சண்டை நடுவில வந்தால் விட்ட ஊரில இருந்து தொடரோணும். முறிகண்டிப் பிள்ளையாரடியில கச்சான் சரை கையில சூடா இருந்தது, கிளிநொச்சி வந்தது தெரியாது.

விடிய இவர் கிணத்தடியில முகம் கழுவேக்க, "நாலரைக்கு உங்களோட கதைக்கோணும்" எண்டன். வாளியை வைச்சிட்டு "ம், நிப்பன்" எண்டார்.