லீவில் இருந்த அக்காவுக்குப் பச்சை

போன கிழமை இரவு ஒன்பது மணிக்கு மாமா வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினார். கூடவே ஒரு குரல் பதிவு: "மருமகன், இந்தக் கலரெல்லாம் எதுக்கு வருதுன்னு தமிழ்ல எழுதிக் குடு. மடுவத்துல ஒட்டணும்."

மாமா ஹட்டன் பக்கத்தில் ஒரு தோட்டத்து ஆபீஸில் கிளாக்கர். கொழுந்துக் கணக்கை எக்செலில் போட்டுக்கொடுத்த பொடியன் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டான். கலர் மட்டும் இருக்கிறது, காரணம் அவனோடு போய்விட்டது. அந்தத் தோட்டத்தில் ஒரு நாள் பேருக்கு, அதாவது முழு நாள் சம்பளத்துக்கு, 18 கிலோ. குறைந்தால் அரைப்பேர். அதனால் மஞ்சள் விழுந்தவர்களெல்லாம் மாமாவிடம்தான் சண்டைக்கு வருகிறார்கள்.

படத்தில் கட்டங்களுக்குத் தானாகக் கலர் போடும் `Conditional Formatting` விதிகள் வரிசையாக இருந்தன. D என்பது கிலோ நிரல்.

```
=$D5>=18   பச்சை
=$D5<18    மஞ்சள்
=$D5=""    சாம்பல்
```

மூன்றுக்கும் எல்லை ஒன்றுதான்: `=$A$5:$E$46`. மேல் மூலையில் `Current Selection` என்றிருந்தது. அப்படியிருந்தால், தேர்ந்தெடுத்த கட்டங்களுக்கான விதிகள் மட்டும்தான் தெரியும். தாளில் வேறு விதி ஒளிந்திருக்கலாம். "அதை `This Worksheet`னு மாத்திட்டு மறுபடி அனுப்புங்க மாமா" என்றேன். இந்தமுறை திரையையே போனில் படம் பிடித்து அனுப்பினார், சரிவாக, பாதியை அவருடைய தேத்தண்ணிக் கோப்பை மறைத்தபடி. நல்லவேளை, அதே மூன்று விதிகள்தான்.

இதில் என்ன கஷ்டம், பத்து நிமிட வேலை என்று எழுத உட்கார்ந்தேன். `$D5`இல் D-க்கு முன்னால் டாலர், 5-க்கு முன்னால் இல்லை. அதாவது ஒவ்வொரு வரியும் தன் வரியிலுள்ள D-யைத்தான் பார்க்கும், கலர் வரி முழுக்க விழும். "18-உம் மேலும் என்றால் பச்சை, குறைந்தால் மஞ்சள், ஆள் வராவிட்டால் சாம்பல்." அனுப்பியும் விட்டேன்.

அரைமணியில் போன். "என்ன மருமகன், ஒரு சாம்பல்கூட இல்லையே. அது போக, மேல்பிரட்டு அக்கா அன்னைக்கு வேலைக்கே வரல, கல்யாணத்துக்குச் சேலை எடுக்க டவுனுக்குப் போயிருந்துச்சு. அதுக்குப் பச்சை!"

தாளின் படத்தைத் தனியாகக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அந்த அக்காவின் கிலோ கட்டத்தில் `AB` என்று இருந்தது, வரவில்லை என்பதற்கு. இன்னும் இரண்டு வரி கீழே `12kg`. அதுவும் பச்சை! மற்ற எண்களெல்லாம் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டியிருக்க, இவை இரண்டு மட்டும் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. யாரும் கை வைக்காவிட்டால் எக்செல் எண்ணை வலப்பக்கமும் எழுத்தை இடப்பக்கமும்தான் நிறுத்தும். அதாவது நமக்கு அது பன்னிரண்டு கிலோ, எக்செலுக்கு வெறும் எழுத்து. எண்ணோடு எழுத்தை ஒப்பிட்டால் எழுத்துதான் எப்போதும் பெரியது என்பது அதன் கணக்கு. சேலைக்கடைக்குப் போனவர் 18 கிலோவைத் தாண்டியது அப்படித்தான்.

சாம்பலின் கதை வேறு. வெறும் கட்டத்தை 18-ஓடு ஒப்பிடும்போது எக்செல் அதைப் பூச்சியமாக எடுத்துக்கொள்ளும். பூச்சியம் 18-ஐவிடக் குறைவு, உடனே மஞ்சள். இரண்டு விதிகள் ஒரே கட்டத்துக்குப் பின்னணி நிறம் கேட்டால் பட்டியலில் மேலே நிற்பதுதான் ஜெயிக்கும். சாம்பல் விதி மஞ்சளுக்குக் கீழே கிடக்கிறது. பாவம், பிறந்ததிலிருந்து அதற்கு வேலையே இல்லை.

நான் செய்த பிழை இதுதான்: விதி என்ன சொல்கிறதோ அதை எழுதாமல், பொடியன் என்ன நினைத்திருப்பான் என்பதை எழுதிவிட்டேன். மறுபடி எழுதினேன்:

"கிலோ கட்டத்தில் 18-உம் மேலும், அல்லது எந்த எழுத்து இருந்தாலும், பச்சை. 18-க்குக் குறைவாகவோ வெறுமையாகவோ இருந்தால் மஞ்சள். சாம்பல் ஒருநாளும் வராது."

மாமா வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. "இதை ஒட்டினா எல்லாரும் கிலோவுக்குப் பதிலா அவங்கவங்க பேரை எழுதச் சொல்வாங்களே" என்றார்.

சரி, தாளையே திருத்துவோம் என்று போனில் சொல்லிக்கொடுத்தேன். சாம்பல் விதியை அம்புக்குறியால் மஞ்சளுக்கு மேலே ஏற்றினார். அப்புறம் எல்லாவற்றுக்கும் மேலே அதே எல்லையில் புதிதாக ஒன்று:

```
=ISTEXT($D5)   சிவப்பு
```

எழுத்து இருந்தால் சிவப்பு, போய்ப் பார், அவ்வளவுதான். `AB`க்கும் `12kg`க்கும் உடனே சிவப்பு வந்தது. மாமாவும் `12kg`ஐ 12 ஆக்கினார், அது மஞ்சளானது. மடுவத்தில் ஒட்டும் தாளையும் மூன்றாம் முறை எழுதிக் கொடுத்தேன்.

நேற்று மறுபடி போன். விஷயம் மேல்பிரட்டு அக்கா காதுக்குப் போய்விட்டதாம். ஆபீஸ் வாசலில் வந்து நின்று, "பச்சை காட்டினது உங்க கம்ப்யூட்டர்தானே ஐயா, அந்தப் பேரைப் போடுங்க" என்கிறாராம்.